ஒன்றரை நிமிடக் காட்சியும் மூன்று வரி நோட்டும்

தமிழ் கற்க விரும்புகிறவர்களிடம் "நிறைய தமிழ்ப் படம் பாருங்கள்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கேரளத்திலிருந்து வந்த மருமகளும் டொரன்டோவில் வளரும் பேரனும் அப்படியே பார்க்கிறார்கள். கண் கீழே ஓடும் ஆங்கில சப்டைட்டிலைப் படிக்கிறது, கதை புரிந்துவிடுகிறது, காதில் விழுந்த தமிழ் அப்படியே போய்விடுகிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதில் ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, பேச்சையும் சப்டைட்டிலையும் வரிக்கு வரி பொருத்திப் பார்த்தால் நிலைமை மாறும்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் வீட்டுக்குள் பேசுவதாகவும் பின்னணி இசை குறைவாகவும் இருக்கட்டும். பாட்டு, சண்டை, கூட்டம் எதுவும் முதலில் வேண்டாம். வேறு மொழியிலிருந்து தமிழாக்கிய படங்களையும் தள்ளி வைக்கலாம். அவற்றில் வாயசைவுக்கு ஏற்ப வசனத்தை வளைத்திருப்பார்கள், யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. வட்டார வழக்கு அழுத்தமாக உள்ள 'பருத்திவீரன்', 'அசுரன்' போன்ற படங்கள் அருமையானவை, ஆனால் அவற்றுக்குப் பிறகு வரலாம்.

படங்களில் அடிக்கடி வரும் வகையில் நானே ஒரு சிறு உரையாடலை அமைத்துக் காட்டுகிறேன். மகன் அவசரமாக வெளியே கிளம்புகிறான். அம்மா தடுக்கிறார்.

அம்மா: டேய், சாப்ட்டுட்டுப் போடா.
மகன்: இல்லம்மா, அவனப் பாத்துட்டு வந்துடறேன்.
அம்மா: அப்பாகிட்ட சொல்லிட்டியா?
மகன்: சொல்லிட்டேன்.
அம்மா: என்ன சொன்ன? சொல்லிட்டுப் போ.

இதற்கான சப்டைட்டில் கோப்பு இப்படி இருக்கும்:

```
1
00:00:41,200 --> 00:00:43,000
Eat before you go.

2
00:00:43,400 --> 00:00:45,600
I'll see him and be right back.

3
00:00:46,000 --> 00:00:47,500
Did you tell your father?

4
00:00:47,800 --> 00:00:48,800
I did.

5
00:00:49,100 --> 00:00:51,600
What did you say?
Tell me before you go.
```

எண், வரி தோன்றி மறையும் நேரம், வரி. `.srt` என்று முடியும் கோப்பு இவ்வளவுதான். சாதாரண நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம்.

முதல் வேலை, நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. உதடு அசையும்போது வரி வர வேண்டும். படம் முழுக்க ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சி பிளேயரில் `g`, `h` விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம். `h` வரியைத் தள்ளிப்போடும், `g` முன்னே இழுக்கும். தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக இடைவெளி கூடினால் கோளாறு வேறு. நொடிக்கு 25 பிரேம் ஓடும் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 பிரேம் பிரதியோடு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் விலகிவிடும். அந்தக் கோப்போடு மல்லுக்கட்டாமல் வேறு கோப்பைத் தேடுவது மேல். இதைக் கவனிக்காமல் உட்கார்ந்தால், கற்பவர் ஒரு வரியின் பொருளைப் பக்கத்து வரிக்குக் கொடுத்து மனப்பாடம் செய்துவிடுவார்.

அடுத்தது நோட்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று வரி. சப்டைட்டிலை அணைத்துவிட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே முதல் வரியில் எழுத வேண்டும். தெளியவில்லை என்றால் `[` விசையால் வேகத்தைக் குறைக்கலாம். மிகவும் குறைத்தால் ஒலி இழுபட்டுச் சொல்லே மாறிவிடும், முக்கால் வேகம் போதும். இரண்டாம் வரியில் அதன் எழுத்துத் தமிழ்: சாப்பிட்டுவிட்டுப் போ. மூன்றாம் வரியில் சப்டைட்டில். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சப்டைட்டிலை முதலில் பார்த்தவர் காதால் கேட்பதில்லை, கேட்டதாக நினைத்துக்கொள்வார்.

இப்போது பொருத்திப் பார்ப்போம். சொல்லுக்குச் சொல் கோடு போட்டால் உடனே சிக்கல் வரும். தமிழில் வினை கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் முன்னால். அதனால் வசனத்தின் கடைசித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வசனத்தில் 'போ' என்பது `go`, 'சாப்ட்' என்பது `Eat`. மிஞ்சி நிற்பது '-ட்டு', அந்தப் பக்கம் `before`. ஐந்தாம் வசனத்திலும் 'சொல்லிட்டுப் போ', அங்கேயும் `before`. '-ட்டு' என்றால் 'முன்னால்' என்று கற்பவர் முடிவுகட்டிவிடக் கூடும். இரண்டாம் வசனம் அதைத் தடுக்கிறது. 'பாத்துட்டு' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் `and`தான் உண்டு. மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் பொருள் பிடிபடும்: ஒரு காரியத்தை முடித்த பிறகு அடுத்தது. எழுத்தில் 'விட்டு' என்று நிற்பது பேச்சில் '-ட்டு' என்று சுருங்கியிருக்கிறது.

ஒரு துண்டு மூன்று முறையாவது வரும்வரை அதன் பொருளை நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு சப்டைட்டில் வரி அந்த இடத்தின் கருத்தைச் சொல்லும். சொல்லின் பொருளை உறுதிசெய்வது, அது திரும்ப வரும் இடங்கள்தான். நான்காம் வசனத்தைப் பாருங்கள். 'சொல்லிட்டேன்' என்பதற்கு `I did` என்று போட்டிருக்கிறது. அதை மட்டும் பார்ப்பவர் 'செய்தேன்' என்று எழுதிக்கொள்வார். ஆனால் பக்கத்திலேயே 'சொல்லிட்டியா', 'சொல்லிட்டு' இரண்டும் நிற்கின்றன. மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் 'சொல்லி' மாறாமல் நிற்பதும் வால் மட்டும் மாறுவதும் கண்ணில் படும். ஒரு சொல்லைத் தேடி வந்தவர் மூன்று வடிவங்களோடு போகிறார்.

சப்டைட்டில் எதை விட்டுவிடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திரையில் இரண்டு வரிக்கு மேல் போடுவதில்லை, ஒரு வரிக்கு நாற்பது எழுத்து அளவில்தான் இடம். பார்ப்பவர் படித்து முடிக்கவும் நேரம் வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் சுருக்கித்தான் ஆக வேண்டும். 'டேய்', 'டா', 'இல்லம்மா' மூன்றும் நம் காட்சியில் காணாமல் போயிருக்கின்றன. `your father` என்பதில் உள்ள 'உன்' தமிழில் இல்லவே இல்லை. இதைவிடப் பெரிய இழப்பு, 'நீ', 'நீங்க' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே `you`. சப்டைட்டிலை நம்பிப் படித்தவர், அம்மா மகனிடம் சொன்ன 'போடா'வை மாமனாரிடம் சொல்லிவிட வாய்ப்புண்டு. ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் யார் யாரிடம் பேசுகிறார் என்று குறித்துக்கொள்வது ஒன்றே இதற்கு வழி.

பொருள் சரிதானா என்று சோதிக்க, அதே துண்டை வேறொரு படத்தின் காட்சியில் சப்டைட்டில் இல்லாமல் கேட்க வேண்டும். 'கேட்டுட்டு வா', 'வச்சுட்டுப் போ' என்று யாராவது சொல்லும்போது, 'கேட்டு'க்கும் 'வச்சு'க்கும் பொருள் தெரியாவிட்டாலும் முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்பது புரிந்தால் அந்தத் துண்டு கைவசமாகிவிட்டது. புரியாவிட்டால் பழைய காட்சிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் தமிழ் கற்பவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். அவர் ஒரு வசனத்தை நிறுத்தி "இது என்ன?" என்று கேட்கும்போது ஆங்கிலப் பொருளைச் சொல்லிவிடாதீர்கள். 'சாப்பிட்டுவிட்டு' என்று திருத்தியும் சொல்லாதீர்கள். அதே வசனத்தை, அதே பேச்சுத் தமிழில், கொஞ்சம் நிதானமாகத் திருப்பிச் சொல்லுங்கள். அதே '-ட்டு' வரும் வேறு இரண்டு வாக்கியங்களும் சொல்லுங்கள். பொருளை அவர் கண்டுபிடிக்கட்டும்.