தொட்டால் கேட்பதாக அர்த்தமா?

கல்யாணமாகி எட்டு வருடம் ஆன ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டுக் கதை இல்லை இது. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரு வீடாகச் சொல்கிறேன். மூத்த குழந்தை ஒன்றாம் வகுப்பு. சின்னதுக்குப் பத்து மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, ஹாலில் மாமியார் படுத்திருக்கிறார். கணவர் கம்பெனி வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிறார். பகலில் இருவருக்கும் சண்டையே கிடையாது. பால் பாக்கெட், பள்ளிக் கட்டணம், கேஸ் புக்கிங் என்று எல்லாம் பேசிக்கொள்கிறார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல்தான் வேறு மாதிரி. துடைத்த அடுப்பு மேடையையே அவள் இன்னொரு தடவை துடைக்கிறாள். அவர் தூங்கிய பிறகு போய்ப் படுக்கலாம் என்று கணக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறார். அவள் வந்து படுத்ததும் தோளில் கை வைக்கிறார். "ரொம்ப அசதியா இருக்குங்க" என்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஒரு நாள் அசதி யாருக்கும் புரியும். அடுத்த வாரமும் அதே பதில் வரும்போது அவர் மனதில் எண்ணிக்கை ஆரம்பிக்கிறது. எத்தனை தடவை கேட்டோம், எத்தனை தடவை மறுத்தாள் என்ற கணக்கு. அவளிடமும் ஒரு கணக்கு உண்டு: பகலெல்லாம் பக்கத்தில் வராதவர் ராத்திரி மட்டும் எத்தனை தடவை கை நீட்டினார் என்று. ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. மனக்கசப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. டிவி பார்க்கும்போது அவர் தோளில் சாய்வது அவளுக்குப் பழக்கம். சாய்ந்தால் 'சரி' என்று எடுத்துக்கொள்வாரோ என்று சாய்வதை நிறுத்துகிறாள். வேலைக்குக் கிளம்பும்போது கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். எதற்கு இன்னொரு அவமானம் என்று அவரும் நிறுத்துகிறார். ஆறு மாதத்தில், குழந்தையைக் கை மாற்றிக் கொடுக்கும்போது தவிர இருவர் உடம்பும் தொட்டுக்கொள்வதே இல்லை. தாம்பத்திய உறவு மாதத்துக்கு எத்தனை முறை என்பது பெரிய பிரச்சினை இல்லை. அதைச் சுற்றியிருந்த சாதாரண அன்பும் கூடவே போய்விடுகிறது, அதுதான் வலி. அவர் மனதில், 'சம்பளம் கொண்டுவர மட்டும்தான் நான் வேணுமா?' அவள் மனதில், 'இதுக்கு மட்டும்தான் என்னைத் தேடுறாரா?' இரண்டும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றும், உங்க அம்மா இப்படிச் சொன்னார் என்றும் வேறு உருவத்தில் வெளியே வருகின்றன. காரணமே புரியாத அளவுக்குச் சின்ன விஷயத்துக்குச் சண்டை வலுக்கிறதென்றால், கொஞ்ச நாளாகத் தொடுவது குறைந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இடையில் அவள் சில நாள் மனமில்லாமலே சம்மதிக்கிறாள். மறுத்து மறுத்து வந்த குற்ற உணர்ச்சி. இதை நல்ல மனைவியின் லட்சணமாகப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் விருப்பமில்லாமல் ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் படுக்கை என்றாலே கடமை என்று உடம்புக்குப் பதிந்துபோகிறது. அடுத்த தடவை நாட்டம் இன்னும் குறைகிறது. அவருக்கும் அது தெரிந்துவிடுகிறது. கேட்டது கிடைத்தும் மனசு நிறைவதில்லை.

அவளுக்கு ஆசையே இல்லையா? 2000-ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் எழுதியது இங்கே உதவும். ஆசை முதலில் தோன்றி, பிறகுதான் நெருக்கம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது என்றார் அவர். பலருக்கு, குறிப்பாக நீண்டநாள் மணவாழ்வில் இருக்கும் பெண்களுக்கு, தொடக்கத்தில் ஆசை எதுவும் இருக்காது. அவசரமில்லாத அன்பும் அணைப்பும் கிடைத்த பிறகு நடுவில்தான் அது எழும். தானாக வரவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. கணவரின் ஆசை திடீரென்று வரும் வகை, மனைவியுடையது மெதுவாக எழும் வகை என்றால், அவர் 'இவளுக்கு என்மேல் பிடிப்பில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். அவளும் 'எனக்கே ஏதோ குறை' என்று நம்பிவிடுகிறாள்.

அதோடு, ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் ஜான்ஸன் என்ற ஆராய்ச்சியாளர்கள் சொன்ன இன்னொன்றும் உண்டு. பாலுணர்வுக்கு வண்டிபோல ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனியாக இருக்கின்றன. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி நகராது. இந்த வீட்டில் பிரேக்குகள் எவை என்று பாருங்கள். ஹாலில் மாமியாருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம். இரண்டு மணிக்கொரு தரம் எழும் குழந்தை. மறுபடி கருத்தரித்துவிடுமோ என்ற கவலை. இவற்றோடு அவளுக்கே தெரியாத ஒன்று: தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது எரியும், வலிக்கும். வலித்த இடத்துக்கு மனசு திரும்பிப் போக விரும்பாது. நீர் கலந்த வழுக்கு ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. பாதி வீடுகளில் தேங்காய் எண்ணெயைத்தான் நினைப்பார்கள், ஆனால் ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

பெண்ணுக்கு விருப்பம் அதிகமாகவும் ஆணுக்குக் குறைவாகவும் இருக்கும் வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அங்கே மௌனம் இன்னும் இறுக்கமானது, ஏனென்றால் அந்தப் பெண்ணால் தோழியிடம்கூடச் சொல்ல முடியாது. ஐம்பதை நெருங்கும் கணவர், பல வருடச் சர்க்கரை. சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் பாதித்து விறைப்பைக் குறைக்கும். ஒரு தடவை முடியாமல் போனதும், இனி அந்தச் சூழ்நிலையே வரக்கூடாது என்று சாப்பிட்டவுடன் படுத்துவிடுகிறார். தனக்கு வயதாகிவிட்டது, தன்னைப் பிடிக்கவில்லை, வெளியே யாரோ இருக்கிறார்கள் என்று மனைவி ஒவ்வொன்றாக நினைத்து அழுகிறாள். ஒரே ஒரு வாக்கியம் அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கும்: "எனக்கு உடம்பு ஒத்துழைக்கல, உன்மேல குறை இல்லம்மா."

எப்படி ஆரம்பிப்பது? முதலில் இடம். படுக்கையில் வேண்டாம், மறுத்த அடுத்த நிமிடம் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் எது சொன்னாலும் புகாராகத்தான் கேட்கும். முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவது எளிது. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, மாலை நடையில், பைக்கை டீக்கடையில் நிறுத்திய பத்து நிமிடத்தில். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது: "நம்ம ரெண்டு பேரைப் பத்தி ஒண்ணு பேசணும். சண்டை இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசலாமா?"

முதல் வாக்கியம் 'நீ', 'நீங்க' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். "நீ எப்பப் பாத்தாலும் தூங்கிடற" என்பதற்கு "நாள் முழுக்க யாரு வேலை பாக்குறது?" என்பதுதான் பதிலாக வரும். அவர் இப்படித் தொடங்கலாம்: "முன்னாடி மாதிரி நீ என்மேல சாஞ்சு உக்காரறது இல்லேன்னு எனக்கு ஏக்கமா இருக்கு. அதை நான் சரியா சொல்லத் தெரியாம கோபமாக் காட்டிட்டேன்." அவள் தொடங்குவதானால்: "நான் வேண்டாம்னு சொல்றது உங்களைச் சொல்றது இல்லங்க. எனக்கு வலிக்குது. சொல்லக் கூச்சமா இருந்துச்சு." இவ்வளவு போதும். முதல் பேச்சில் தீர்வு தேட வேண்டாம். எத்தனை முறை என்ற எண்ணுக்குப் போகவே வேண்டாம். எண்ணுக்குப் போனால் பேரமாகிவிடும். கேட்பவர் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும்: "உனக்கு எப்பத்தான் கொஞ்சம் லேசா இருக்கு?" பதில் 'ரெண்டு பேரும் தூங்கினப்புறம் யாராவது பாத்திரத்தைக் கழுவி வச்சிருந்தா' என்றுகூட வரலாம். சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். அவள் பிரேக்குகளில் ஒன்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

பேச்சு கெட்டுப்போகும் இடமும் தெரிந்ததுதான். "அப்ப வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்ற ஒரு வார்த்தை, அல்லது "என் ஃபிரெண்டு வீட்டுல எல்லாம்" என்ற ஒப்பீடு. அது வந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். "இப்ப ரெண்டு பேருக்கும் சூடாயிடுச்சு, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லி, நாளைக்குக் கட்டாயம் பேசுங்கள்.

அடுத்த படியாக ஒரு ஒப்பந்தம். இரண்டு வாரத்துக்கு உறவு கிடையாது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது. கேட்டால் நேர்மாறாகத் தோன்றும். அமெரிக்காவில் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-ல் எழுதிய நூலில் வந்த சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கால் பிடித்துவிடுவது, தலை கோதுவது, கட்டிக்கொண்டு படுப்பது, அவ்வளவுதான். அதற்கு மேல் போகாது என்பது உறுதி. தொட்டால் அடுத்தது என்ன என்ற பயம் நீங்கினால்தான் சாய்வது திரும்பி வரும். ஐந்தாம் நாளே ஒருவர் எல்லை தாண்டினால் பழைய நிலைக்குப் போய்விடும், ஆகவே அதிக விருப்பம் உள்ளவர் வாக்கைக் காப்பது இங்கே முக்கியம். மறுப்பதையும் மாற்றலாம். "வேண்டாம்" என்று திரும்பிப் படுப்பதற்குப் பதில், கையைப் பிடித்துக்கொண்டு "இன்னிக்கு முடியலங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாப்பா தூங்கும்போது" என்று சொல்லலாம். மனதில் இருந்தால் மட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மிரட்டல், அடி, வீட்டுச் செலவுக்குப் பணம் தர மாட்டேன் என்ற நெருக்கடி இருக்கும் இடத்தில் இது விருப்ப வேறுபாடு இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே சொல்கிறது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

மற்றவர்களுக்கு, இரண்டு மூன்று மாதம் பேசியும் மாறவில்லை என்றால் மருத்துவர். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, சில மனச்சோர்வு மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே நாட்டத்தைக் குறைக்கக்கூடியவை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தர முடிகிறதா என்று பார்ப்பார். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். வலி, வறட்சி என்றால் மகப்பேறு மருத்துவர், விறைப்புக் குறை என்றால் சிறுநீரியல் (யூராலஜி) நிபுணர், மனதளவில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. துணை வர மறுத்தால் ஒருவர் மட்டும் போய் ஆரம்பிக்கலாம்.