அண்ணாச்சி, ஜூன் பில் ஒன்று நிற்கிறது

மதுரை கீழமாசி வீதியில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி அவரிடம் பத்து வருடமாகச் சரக்கு எடுக்கிறார். ஜூன் 3-ம் தேதி 40 டின் எண்ணெய் போனது. டின் 2,000 ரூபாய், மேலே 5 சதவீத ஜிஎஸ்டி, ஆக பில் 84,000 ரூபாய். கடன் கெடு 30 நாள். ஜூலை 3 வந்து போயிற்று, பணம் வரவில்லை.

எண்ணெயில் மொத்த வியாபாரிக்கு நிற்பது சொற்பம். நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால் இந்த பில்லில் 1,600 ரூபாய். அவர் வங்கியில் ஓ.டி. வாங்கி வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி கட்டுகிறவராக இருந்தால், 84,000-க்கு மாத வட்டி 840. கெடு தாண்டி இரண்டு மாதம் போனால் லாபம் முழுதும் வட்டிக்கே சரி. இதற்கிடையில் ஜிஎஸ்டி வேறு. வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்று அது பார்க்காது. மாதாமாதம் கணக்குக் காட்டுகிறவர், ஜூன் விற்பனைக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்டிவிட வேண்டும்.

ஆகவே கேட்டுத்தான் தீர வேண்டும். கேட்டால் அண்ணாச்சி முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில், “தங்களின் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கி “ஆவன செய்யவும்” என்று முடியும் கடிதம் ஒன்று போகும். அதில் பில் எண் இருக்காது, தொகை இருக்காது, தேதி இருக்காது. வாங்கிப் படித்தவர் “சரி, பார்ப்போம்” என்று கல்லாவுக்கு அடியில் வைத்துவிடுவார். வைப்பதைத் தவிர அந்தக் கடிதத்தை வைத்து அவர் வேறு எதுவும் செய்ய முடியாது. என்னைக் கேட்டால் அது மரியாதையே இல்லை. எதிராளிக்குக் கணக்கைத் தேடும் வேலை வைக்காமல் இருப்பதுதான் மரியாதை.

எழுதுமுன் தன் பேரேட்டைப் புரட்ட வேண்டும். பழைய வாடிக்கைக்காரர் பணத்தை நிறுத்திவைத்தால், பாதி நேரம் ஏதோ ஒரு மனக்குறை இருக்கும். நம் உதாரணத்தில், இரண்டு டின் ஒழுகி வந்ததாக அண்ணாச்சி லைனுக்கு வரும் சேல்ஸ்மேனிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். அதற்கு கிரெடிட் நோட் போடவே இல்லை. ஜூலை 10-ம் தேதி அவர் அனுப்பிய 20,000 ரூபாயும் எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று கிடக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் 84,000 நிலுவை என்று எழுதினால், கடிதம் போன அன்றே சண்டை. சரிசெய்த பிறகு எழுதுவது இப்படி இருக்கலாம்:

“அண்ணாச்சிக்கு வணக்கம். ஜூன் 3-ம் தேதி அனுப்பிய 40 டின்னுக்கான பில் எண் 412, தொகை ரூ. 84,000. ஜூலை 10 அன்று நீங்கள் அனுப்பிய ரூ. 20,000-ஐ இந்த பில்லில் வரவு வைத்திருக்கிறோம். ஒழுகிய இரண்டு டின்னுக்கு ரூ. 4,200 கிரெடிட் நோட் போட்டு நகலை இத்துடன் வைத்திருக்கிறோம், தாமதத்துக்கு மன்னிக்கவும். இவை போக ரூ. 59,800 நிற்கிறது. பில்லின் கெடு ஜூலை 3. உங்கள் கணக்கிலும் இதே தொகைதான் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் ஆகஸ்ட் 12-க்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரே தடவையில் தோதுப்படாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று இதன் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்புங்கள். இதற்குள் பணம் அனுப்பியிருந்தால் தேதியை மட்டும் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம்.”

ஆகஸ்ட் 12 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. மளிகைக் கடையில் மாதச் சாமான் விற்பது முதல் பத்து நாளில்தான். கல்லாவில் காசு இருக்கும்போது கெடு விழ வேண்டும். 28-ம் தேதி கேட்டால் தர நினைப்பவராலும் தர முடியாது. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், விளக்கு வைத்த பிறகு காசை வெளியே விடாத கடைகள் இன்னும் இருக்கின்றன. கடிதம் முதலாளி கைக்கே போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அவருடைய எண்ணுக்கு மட்டும். வியாபாரிகள் குழுவில் பெயரைப் போட்டு நினைவூட்டினால் பணம் ஒருவேளை வரும், ஆனால் ஆள் திரும்ப வரமாட்டார்.

கீழே எழுதிக் கையெழுத்திடச் சொன்னது வெறும் உபசாரத்துக்கு அல்ல. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கெடு வைத்து விற்ற சரக்கின் பணத்துக்கு, கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்த மூன்று ஆண்டு நீளாது. ஆனால் அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் “இவ்வளவு பாக்கி இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அண்ணாச்சி மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, சரிதான். நாளை கடையை மகனோ மருமகனோ பார்க்க வரும்போது, ‘அப்பா கணக்கு எனக்குத் தெரியாது’ என்ற பேச்சுக்கு அந்த ஒரு வரி போதும்.

முதல் கடிதத்தில் சட்டம், வட்டி எதுவும் வேண்டாம். பலர் செய்யும் தவறு ஒன்று, ‘எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளில் தர வேண்டும்’ என்று எழுதுவது. மொத்த, சில்லறை வியாபாரிகள் 2021 முதல் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதன் பலன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனோடு சரி. தாமதப் பணத்துக்கான 45 நாள் பாதுகாப்பு உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும் உரியது. வாங்கி விற்கும் கடைக்காரர் அதைச் சொல்லி மிரட்டினால், எதிர்க்கடையின் ஆடிட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார், இது வெறும் பூச்சாண்டி என்று.

ஆகஸ்ட் 12-ம் போய், பதிலும் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் சொல்ல உண்மையான விஷயம் ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வாங்கியவர் பணம் தராவிட்டால், தராத தொகைக்கு அவர் எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்த பிறகு அந்த வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், வட்டி போனது போனதுதான். ஜூன் 3 பில்லுக்கு அந்த நாள் நவம்பர் 30. “உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி” என்று எழுதினால் போதும். அவர் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரி வரவே எடுக்க மாட்டார், அப்போது இதை எழுதுவதில் பொருள் இல்லை.

இதற்குள் அண்ணாச்சி அடுத்த ஆர்டர் சொல்லுவார், அதுதான் தர்மசங்கடம். சரக்கு இல்லை என்று பொய் சொன்னால் அன்று சாயங்காலமே லாரி சர்வீஸ் ஆள் மூலம் அவருக்குத் தெரிந்துவிடும். “பில் டு பில் வைத்துக்கொள்வோம் அண்ணாச்சி, பழையதில் 30,000 போட்டுவிடுங்கள், 20 டின் இன்றைக்கே ஏற்றுகிறேன்” என்று சொல்வதே நல்லது. 30,000 வந்த அன்றே, ‘பில் 412-ல் வரவு ரூ. 30,000, பாக்கி ரூ. 29,800’ என்று ரசீது போய்விட வேண்டும்.