பாராட்டை எடுத்துக் கூறும் முறை

சங்கங்களின் கடிதக் கோப்புகளைப் பார்வையிடுங்கால், புதிய வியாபாரிகளுக்கு எழுதப்பெறும் கடிதங்கள் பெரும்பாலும் இருவகைப்படுவதை நாம் காண்கிறோம். ஒன்று, 'எங்கள் சரக்கை எல்லோரும் மெச்சுகின்றனர்' என முழங்கும். மற்றொன்று, தற்பெருமையாகிவிடுமோ என்றஞ்சி, கோப்பில் உள்ள நன்றிக் கடிதத்தைக் குறிப்பிடாமலே விட்டுவிடும். இரண்டும் பயன் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். நெசவாளர் சங்கம் ஒன்று, ஒரு தங்கும் விடுதிக்கு அறுபது படுக்கை விரிப்புகள் அனுப்பிற்று எனக் கொள்வோம். ஆறு மாதங்கழித்து விடுதி மேலாளர், 'வாரந்தோறும் சலவைக்குப் போட்டும் சாயம் மங்கவில்லை, மிக்க நன்றி. ஆனால் இரண்டு விரிப்புகள் நீளம் குறைந்திருந்தன' என எழுதுகிறார். இதனை ஒரு புதிய கடைக்காரருக்கு எவ்வாறு தெரிவிப்பது?

'எல்லோரும் மெச்சுகின்றனர்' என்பதில் சொன்னவர் யார், எதனைக் கண்டு சொன்னார் என்பது இல்லை. ஆதலின் அது பிறர் சொல்லாகத் தோன்றாது. எழுதுபவரே தம்மைப் புகழ்ந்து கொள்வதாகவே படும். இவ்வாறு எழுதுதல் நன்று:

'சென்ற தை மாதம் ஒரு விடுதிக்கு அறுபது விரிப்புகள் அனுப்பினோம். வாரந்தோறும் சலவைக்குப் போட்டும் சாயம் மங்கவில்லை என அதன் மேலாளர் ஆறு மாதங்கழித்து எழுதியுள்ளார். இரண்டு விரிப்புகள் நீளம் குறைந்தமையையும் சுட்டியிருந்தார். அவற்றை மாற்றிக் கொடுத்தோம். இப்பொழுது மடிக்குமுன் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கின்றோம். மாதிரி ஒன்று இத்துடன் அனுப்பியுள்ளோம்.'

இதில் முதலில் செய்த வேலை நிற்கிறது; பாராட்டு அதன் பின்னர் வருகிறது. மேலாளர் கூறியதற்கு மேல் 'உயர்ந்த', 'நிகரற்ற' என்னும் அடைகள் எவையும் சேர்க்கப்படவில்லை. பாராட்டு முடிந்தவுடன் கடிதம் குறைக்கும் அதன் பரிகாரத்துக்கும், பின்னர் மாதிரிக்கும் சென்றுவிடுகிறது. அங்கே நின்று, 'இதனால் எங்கள் திறமை விளங்கும்' என்றெழுதியிருப்பின் அடக்கம் கெட்டிருக்கும்.

குறையை மறைத்து நன்றியை மட்டும் வெட்டியெடுப்பது தவறு. கடைக்காரர் விடுதியிலேயே கேட்டறியக்கூடும்; அப்பொழுது சாயத்தைப் பற்றிய உண்மையும் நம்பப்படாது போகும். குறையையும் அதற்குச் செய்த பரிகாரத்தையும் சேர்த்துக் கூறுவதே பாராட்டுக்கு வலிமை தரும். விடுதியின் பெயரை எழுத விரும்பினால், ஓர் அஞ்சலட்டை வாயிலாக மேலாளரின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். இசைவு கிட்டாவிடின், 'ஒரு விடுதியின் மேலாளர்' என்பதே போதும்.

தனியொருவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்பொழுதும் முறை இதுவே. 'என் நேர்மையை மேலாளர் புகழ்ந்தார்' என்பதைவிட, 'மூன்றாண்டுகள் நூல் இருப்புப் பதிவேட்டை எழுதி வந்தேன். இருப்பெடுத்தபொழுது கணக்கில் வேறுபாடு இல்லை என மேலாளர் சான்றளித்துள்ளார், நகல் இணைத்துள்ளேன்' என்பது மேலானது. பதிவேட்டைப் பிறரும் உடன் எழுதியிருப்பின், 'எழுதி வந்தோம்' என்றே குறிப்பிடல் வேண்டும். பலர் உழைப்புக்குக் கிடைத்த சொல்லை ஒருவர் தமதாக்கிக் கொள்வது, உடனிருந்தோர் ஒருவரை விசாரித்த மாத்திரத்தில் வெளிப்பட்டுவிடும்.