பயோவில் ஒரே ஒரு லிங்க்: அது எங்கே போக வேண்டும்?

இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தின் கீழே இணைய முகவரியை எழுதிப் பாருங்கள். அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். தட்டினால் எங்கும் போகாது. அதனால்தான் விற்பனை செய்பவர்கள் எல்லாரும் "லிங்க் இன் பயோ" என்று எழுதுகிறார்கள். உங்கள் பெயருக்குக் கீழே வரும் சிறு அறிமுகப் பகுதியே பயோ. நிரந்தரமாக இருந்து, தட்டினால் திறக்கும் லிங்க்கை அங்கு வைக்க முடியும்.

2023 ஏப்ரல் வரை இன்ஸ்டாகிராம் பயோவில் ஒரு லிங்க் மட்டுமே கொடுக்க முடிந்தது. அதன் பிறகு ஐந்து வரை கொடுக்கலாம் என்றானது. ஆனாலும் பார்ப்பவர் கண்ணில் படுவது முதல் லிங்க் மட்டும்தான். மற்றவை அதற்குள் மறைந்திருக்கும். இன்னொரு முறை தட்டினால்தான் தெரியும். ஆகவே கேள்வி மாறவில்லை. அந்த முதல் லிங்க் எங்கே போக வேண்டும்?

மதுரையில் உள்ள என் சித்தி வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு போன் செய்தார். "ஏன்டா, படம் நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. ஆர்டர் மட்டும் வரலையே? இருபது கிலோ பச்சரிசி வாங்கி வச்சிட்டேன்டா" என்றார்.

அவருடைய பயோவில் லிங்க் இருந்தது. அவர் மகன் தயாரித்த ஆன்லைன் ஆர்டர் படிவத்துக்கு அது போனது. என் போனில் தட்டிப் பார்த்தேன். படிவம் வரவில்லை, மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பக்கம் வந்தது. காரணம் எளிது. ஒருவர் ஒரு முறைதான் நிரப்ப வேண்டும் என்று தம்பி அமைத்திருந்தான். அப்படி அமைத்தால் நிரப்புபவர் யார் என்று படிவத்துக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே லாக்-இன் கேட்கிறது.

"என் போனில் சரியாகத் திறக்கிறதே" என்றான் தம்பி. அவன் எப்போதும் குரோம் பிரவுசரில் சோதித்தான். அங்கு ஏற்கெனவே லாக்-இன் செய்திருந்தான். ஆனால் இன்ஸ்டாகிராம் செயலியில் லிங்க்கைத் தட்டினால் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு பிரவுசரில் திறக்கிறது. உங்கள் குரோமில் உள்ள லாக்-இன் அதற்குத் தெரியாது. சில தளங்கள், பாதுகாப்பு கருதி, இத்தகைய உள் பிரவுசரில் லாக்-இன் செய்ய அனுமதிப்பதே இல்லை. முறுக்கு வாங்க வந்தவர் பாஸ்வேர்டைத் தேடிக் கொண்டிருக்க மாட்டார், திரும்பிப் போய்விடுவார்.

எனவே லிங்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படத்தைப் பார்த்து விட்டு வருபவர் அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்ய விரும்புவார்? சித்தியின் வாடிக்கையாளர்கள் விலை கேட்டு, "ரெண்டு கிலோ வேண்டும், எப்போ கிடைக்கும்" என்று பேச விரும்புபவர்கள். அவர்களுக்குப் படிவத்தை விட வாட்ஸ்அப் உரையாடலே பொருத்தம். கையெழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்துபவர் என்றால், கட்டணமும் நேரமும் உள்ள பக்கத்துக்கு லிங்க் தர வேண்டும். தளத்தின் முகப்புப் பக்கத்துக்குத் தந்தால் வருபவர் அங்கிருந்து மீண்டும் தேட வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப் லிங்க்கை நீங்களே தட்டச்சு செய்யலாம். சித்திக்கு நான் தந்த வடிவம் இது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta%20order
```

X உள்ள இடத்தில் பத்து இலக்க போன் எண் வரும். முன்னால் 91 கட்டாயம். கூட்டல் குறி, பூஜ்யம், இடைவெளி, கோடு எதுவும் கூடாது. 91-ஐ விட்டு விட்டால் என்ன ஆகும்? உங்கள் எண் 98 என்று தொடங்கினால், வாட்ஸ்அப் அதை ஈரான் நாட்டுக் குறியீடாக எடுத்துக் கொள்ளும். உங்களுக்கு எதுவும் வந்து சேராது.

text= என்பதற்குப் பின்னால் இருப்பது, வாடிக்கையாளரின் தட்டச்சுப் பெட்டியில் தானாக வந்து நிற்கும் வாசகம். %20 என்பது இடைவெளியைக் குறிக்கிறது. அவர் அனுப்பு பட்டனைத் தட்டினால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. "Insta order" என்று தொடங்கும் செய்திகளை எண்ணிப் பார்த்தால், பயோ லிங்க் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிந்து விடும்.

லிங்க்கைச் சேர்க்க, போனில் இன்ஸ்டாகிராம் செயலியைத் திறந்து உங்கள் புரொபைல் பக்கத்துக்குச் செல்லுங்கள். Edit profile தட்டி, Links, பிறகு Add external link தேர்ந்தெடுங்கள். URL கட்டத்தில் முகவரியை ஒட்டுங்கள். Title கட்டத்தில் வருபவருக்குப் புரியும்படி எழுதுங்கள். சித்தி "தீபாவளி ஆர்டர்" என்று எழுதப் போனார். நான் "வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய" என்று மாற்றச் சொன்னேன். தீபாவளி முடிந்தாலும் அது பொருந்தும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஒவ்வொரு பதிவுக்கும் பயோ லிங்க்கை மாற்றினால், பழைய பதிவுகளில் "லிங்க் இன் பயோ" என்று எழுதியது எல்லாம் தவறான இடத்தைக் காட்டும். எனவே லிங்க் அப்படியே இருக்கட்டும். அது போய்ச் சேரும் இடத்தில் உள்ள விலைப் பட்டியலை மாற்றுங்கள்.

பல லிங்க்குகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் சேவைகளும் உள்ளன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016ல் தொடங்கிய லிங்க்ட்ரீ இவ்வகையில் பிரபலமானது. வாங்குபவர், கற்க வருபவர், மொத்த வியாபாரி என்று பல வகையினர் உங்களிடம் வந்தால் இது உதவும். வருபவர் எல்லாரும் ஒரே வேலைக்காக வந்தால் இது வீணாக ஒரு தட்டலைக் கூட்டும். அந்த ஒரு தட்டலில் சிலர் விலகிப் போவார்கள்.

வாட்ஸ்அப் லிங்க்கிலும் ஒரு குறை உண்டு: உங்கள் போன் எண் எல்லார் கண்ணிலும் படும். எனவே சொந்த எண்ணைத் தராமல், தனியாக ஒரு சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் நிறுவுவது நல்லது. சித்திக்கும் அப்படித்தான் செய்தோம்.

கடைசியாகச் சோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் குரோம் திறந்து Ctrl, Shift, N மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாக்-இன் எதையும் நினைவில் வைக்காத புதிய விண்டோ வரும். அதில் லிங்க்கை ஒட்டி என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்டோ அனுமதியோ கேட்டால், உங்கள் வாடிக்கையாளரிடமும் அதையே கேட்கும் என்று அர்த்தம். அடுத்து, பக்கத்து வீட்டாரின் போனில், இன்ஸ்டாகிராம் செயலிக்குள் உங்கள் பக்கத்தைத் திறந்து தட்டிப் பாருங்கள். அவர்கள் உங்கள் உதவி இல்லாமல் செய்தியை அனுப்பி விட்டால் லிங்க் சரி.

சித்தியின் லிங்க்கை மாற்றிய அன்று மாலையே முதல் "Insta order" வந்தது. அரை கிலோ அதிரசம், எதிர்த் தெருவிலிருந்து. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பச்சரிசி தீர்ந்து விட்டது.