வேகத்தைக் குறைத்தாலும் கேட்காத ஒலிகள்

ஆங்கிலப் படத்தை வசன வரிகள் இல்லாமல் பார்க்கிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: “ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்.” ஆனால் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துக் கேட்டாலும் சில சொற்கள் பிடிபடுவதில்லை. பேசியவர் அந்த ஒலிகளை உச்சரிக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

‘ஐ டோல்ட் ஹிம் லாஸ்ட் நைட்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நேற்றிரவு அவனிடம் சொன்னேன் என்று பொருள். இயல்பான பேச்சில் இது ‘ஐ டோல்டிம் லாஸ்நைட்’ என்று வரும். வாக்கியத்தின் நடுவே அழுத்தம் இல்லாமல் வரும் ‘ஹி’, ‘ஹிம்’, ‘ஹெர்’ போன்ற சொற்கள் முதலில் உள்ள ‘ஹ’ ஒலியை இழந்துவிடும். மிஞ்சிய ‘இம்’ உயிரில் தொடங்குவதால், முன்சொல்லின் கடைசி மெய் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ‘லாஸ்ட்’ என்பதிலோ ‘ட்’ இரண்டு மெய்களுக்கு நடுவே நெருக்குண்டு மறைகிறது. அதே சொல்லுக்குப் பின் ‘ஈவ்னிங்’ வந்தால் ‘ட்’ பிழைத்துக்கொள்ளும். ‘லாஸ்டீவ்னிங்’ என்று சேர்ந்து ஒலிக்கும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மரமும் வேரும் சேர்ந்து ‘மரவேர்’ ஆகும்போது ‘ம்’ கெடுகிறது. நூலும் அகமும் சேர்ந்து ‘நூலகம்’ ஆகும்போது மெய்மேல் உயிர் ஏறுகிறது. நாம் இந்தப் புணர்ச்சியை எழுத்திலும் காட்டிவிடுகிறோம். ஆங்கிலம் சொற்களைப் பெரும்பாலும் தனித்தனியாக, முழு எழுத்துகளோடுதான் எழுதுகிறது. புத்தகத்தின் வழியே ஆங்கிலம் கற்றவரின் காது, எழுத்தில் உள்ள எல்லா ஒலியையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்கும் என்று நம்புகிறது.

சில இடங்களில் இலக்கணமே காதுக்குத் தப்பிவிடும். ‘தே லுக்ட் பேக்’ என்பதில் இறந்தகாலத்தைக் காட்டுவது நடுவில் உள்ள ‘ட்’ மட்டுமே. வேகமான பேச்சில் அது மறைந்து, நிகழ்காலமான ‘தே லுக் பேக்’ போலவே ஒலிக்கும். அந்த மொழியிலேயே வளர்ந்தவரும் அங்கே ‘ட்’ ஒலியைக் கேட்பதில்லை. முன்னால் வந்த ‘நேற்று’ என்ற குறிப்பையோ கதையின் போக்கையோ வைத்துக் காலத்தை உணர்ந்துகொள்கிறார்.

அதனால் பயிற்சியும் வேறு மாதிரி அமைய வேண்டும். எழுத்துவடிவம் உள்ள பேச்சு ஒன்றிலிருந்து ஐந்து வினாடி அளவுள்ள துண்டை எடுங்கள். சில முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பிறகு எழுத்துவடிவத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனது தெரியாத சொல் என்றால் அகராதியைப் பாருங்கள். தெரிந்த சொல்லே விட்டுப்போயிருந்தால், அதன் முதலும் முடிவும் எந்த ஒலிகளைத் தொட்டு நிற்கின்றன என்று பாருங்கள். எது கெட்டது, எது ஒட்டியது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தொடரை அவர்கள் சொன்னபடியே வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை ‘டோல்டிம்’ என்று கேட்டதும், அதற்குள் இருக்கும் இரண்டு சொற்களும் தெரியத் தொடங்கும்.