விசிலுக்குப் பிறகு 8 விநாடி

வாலிபாலில் நடுவர் விசில் ஊதியதும் சர்வீஸ் போடுபவருக்கு 8 விநாடி கிடைக்கிறது. அந்த நேரம் முழுக்க அவருடையது. பந்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டலாம், மூச்சை இழுத்து விடலாம், எதிரணியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம். எப்போது மேலே வீசுவது, எவ்வளவு உயரம் வீசுவது எல்லாம் அவர் இஷ்டம். வலைக்கு அந்தப் பக்கம் பந்தை வாங்கக் காத்திருப்பவருக்கோ இந்தச் சுதந்திரம் எதுவும் இல்லை. பந்து எங்கே வரும், எவ்வளவு வேகத்தில் வரும், வழியில் எந்தப் பக்கம் விலகும் என்பதெல்லாம் வேறொருவர் கையில் இருக்கிறது. வருவதைப் பார்த்துத்தான் அவர் உடலை அசைக்க முடியும்.

மேல்நிலை வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் வரும் மூடிய திறன், திறந்த திறன் என்ற பிரிவின் சாரம் இதுதான். சுற்றுச்சூழல் நிலையாக இருந்து, ஆடுபவரே தொடங்கி, தன் வேகத்தில் செய்து முடிப்பது மூடிய திறன். சுற்றியிருப்பது மாறிக்கொண்டே இருக்க, அதற்கேற்ப அசைவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே செய்வது திறந்த திறன். பிரிட்டிஷ் உளவியலாளர் ஈ. சி. பூல்ட்டன் 1957-ல் இந்தப் பிரிவை முன்வைத்தபோது அவர் மனதில் இருந்தவை பெரும்பாலும் தொழில்துறை வேலைகள். அதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர் பார்பரா நாப். 1963-ல் வந்த தன் நூலில் அவர் இவற்றை இரண்டு தனித்தனிப் பெட்டிகளாக வைக்கவில்லை. ஒரே கோட்டின் இரு முனைகளாகக் காட்டினார். இந்தக் கோடுதான் பாடத்தின் உயிர் என்பது என் கருத்து. தேர்வில் மாணவர்கள் தவறவிடுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

‘வாலிபால் திறந்த திறன், வில்வித்தை மூடிய திறன்’ என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். அது அரைகுறை விடை. கோட்டில் வைக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, ஆட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செயலையும். ஒரே ஒரு புள்ளிக்கான ஆட்டத்தை எடுத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

முதலில் சர்வீஸ். வலையின் உயரம் மாறாது, ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். எல்லைக்கோடுகளும் மாறாது. பந்தை எதிராளி தட்டிப் பறிக்க முடியாது. ஆகவே மூடிய முனைக்கு அருகே வைக்கலாம். ஆனால் முனையிலேயே வைத்துவிட முடியாது. திறந்தவெளி மைதானத்தில் மாலைக் காற்று எழுந்தால் மேலே வீசிய பந்து அரை அடி நகர்ந்துவிடும், அடிப்பவர் கையையும் காலையும் சற்று மாற்றியாக வேண்டும். உள்ளரங்கத்தில் போடும் அதே சர்வீஸ் மூடிய முனைக்கு இன்னும் நெருக்கமானது. யாரைக் குறிவைத்துப் போடுவது என்பது எதிரணி நிற்கும் விதத்தைப் பொறுத்தது. என்றாலும் அந்த முடிவு பந்தை வீசுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் கையசைவை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அடுத்து பந்தை வாங்குபவர். சுழற்சியே இல்லாமல் மிதந்து வரும் சர்வீஸ் காற்றில் எந்தக் கணத்தில் அலையும் என்பது அவருக்குத் தெரியாது. இது திறந்த முனையை ஒட்டிய செயல். அவர் கொடுக்கும் பாஸ் நேர்த்தியாக வந்தால் செட்டருக்கு வேலை எளிது, நின்ற இடத்திலிருந்தே விரல்களால் ஏற்றிக்கொடுக்கலாம். பாஸ் சிதறினால் ஓடிப்போய்த் திரும்பி, யாருக்குக் கொடுப்பது என்பதை ஓட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரே செட்டர், ஒரே செயல். ஆனால் பாஸைப் பொறுத்துக் கோட்டில் அது நகர்கிறது. கடைசியாக ஸ்பைக். பந்தின் உயரம், வலையிலிருந்து அதன் தூரம், எதிரே எழும் ப்ளாக் மூன்றையும் குதித்தபடியே படிக்க வேண்டும். நல்ல அடிப்பவர் ப்ளாக்கில் இடைவெளி எங்கே என்று பார்த்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் திருப்புவார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். சூழல் நிலையானது, ஆனால் எப்போது தொடங்குவது என்பது என் கையில் இல்லை என்றால்? 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கம் அப்படிப்பட்டது. தடம் மாறாது, பிளாக்கும் மாறாது, பக்கத்துத் தடத்தில் ஓடுபவர் நம் மேல் மோதப் போவதில்லை. ஆனால் துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்பது தொடங்கிவைப்பவர் கையில். சத்தம் வந்து 0.1 விநாடிக்குள் அசைந்தால்கூடத் தவறான தொடக்கம். அசைவைப் பார்த்தால் மூடியது, நேரத்தைப் பார்த்தால் வெளியிலிருந்து இயக்கப்படுவது. ஆகவே விடை எழுதும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது: சூழல் மாறுகிறதா? நேரத்தைத் தீர்மானிப்பது யார்?

கால்பந்தின் பெனால்டி உதையும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல சோதனை. 11 மீட்டர் தூரம், அசையாத பந்து, விசிலுக்குப் பின் உதைப்பவரே தொடங்குகிறார். ஒரு மூலையை முன்கூட்டியே முடிவு செய்து உதைப்பவருக்கு இது மூடிய திறன். ஓடிவரும்போதே கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் தட்டுபவருக்கு அதே உதை திறந்த முனையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ அப்படி நகராது, அங்கே தடுப்பதற்கு ஆளே இல்லை. கபடியில் ரெய்டு போகிறவரின் நிலை இதற்கு நேர் எதிர். 30 விநாடிக்குள் எதிரணியினர் அத்தனை பேரின் காலையும் கையையும் படித்தபடி நகர வேண்டும்.

இந்தப் பிரிவு பயிற்சிக் களத்தில்தான் உண்மையில் பயன்படுகிறது. மூடிய திறனுக்கு ஒரே அசைவை அதே நிலைமையில் திரும்பத் திரும்பச் செய்யலாம். சர்வீஸில் அதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. பந்தை மேலே வீசிவிட்டு அடிக்காமல் விழவிடுங்கள். அடிக்கும் தோளுக்கு நேரே, சற்று முன்னால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் விழ வேண்டும். ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை தலைக்குப் பின்னாலும் விழுந்தால் கையைத் திருத்திப் பயனில்லை, கோளாறு வீச்சில் இருக்கிறது.

திறந்த திறனை இப்படிப் பயிற்றுவித்தால் சிக்கல் வரும். கிரிக்கெட்டின் பந்துவீச்சு இயந்திரம் அதற்கு உதாரணம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகிறது. அதனால்தான் தேர்ந்த மட்டையாளர் பந்து கையிலிருந்து விடுபடுவதற்கு முன்பே வீசுபவரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்து பாதிச் செய்தியை எடுத்துக்கொள்கிறார். இயந்திரத்துக்கு மணிக்கட்டு கிடையாது. கவர் டிரைவின் வடிவத்தைச் சீராக்க அது உதவும். பந்துவீச்சாளரைப் படிக்கக் கற்றுத்தராது.

வாலிபாலிலும் இதே தவறு நடக்கிறது. பயிற்சியாளர் நடுக்களத்தில் நின்று கையால் மெதுவாகப் பந்தை எறிய, மாணவர் அழகாக பாஸ் கொடுக்கிறார். போட்டியில் அதே மாணவர் தடுமாறுகிறார். கைகளின் வடிவம் மாறியிருக்காது, கால்களைத்தான் கவனிக்க வேண்டும். பந்து வலையைத் தாண்டிய பிறகே கால் நகரத் தொடங்குகிறது என்றால், அவர் சர்வீஸ் போடுபவரைப் படிக்கவே பழகவில்லை. எறியும் பயிற்சி முதல் சில நாட்களுக்கு, கைவடிவம் பிடிபடும்வரை போதும். அதன்பின் கடைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து உண்மையான சர்வீஸ் வர வேண்டும். போடுபவர்கள் மாற வேண்டும், சிலர் சுழற்றியும் சிலர் மிதக்கவிட்டும் போட வேண்டும், எங்கே போடப் போகிறோம் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.