வெட்டிய வாழைக்காயும் அரைத்த கூட்டும்

சாப்பாட்டுக் கடைகளுக்கு நீர்வேலி வாழைக்காயை வெட்டிக் கொடுக்க எண்ணுவோர், தோல் சீவியபின் மிஞ்சும் நிறையை முதலில் பார்ப்போம். கிலோ 100 ரூபாவாக 10 கிலோ வாங்கி, சீவி 6 கிலோ மிஞ்சினால், வெட்டிய காயின் அடக்கவிலை கிலோவுக்கு ஏறத்தாழ 167 ரூபா. எங்கள் கூலி அதற்கு மேல்தான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெட்டிய துண்டு காற்றுப்பட்டால் கறுக்கும். சமையற்காரர் திருப்பி அனுப்புவார். ஆகவே வெட்ட வெட்ட, உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் அமிழ்த்துவோம். கடைக்குப் புறப்படும்போதே வடிப்போம்.

கூட்டில் தேங்காய்ப்பூ சேர்த்து அரைத்தால் வெயிலில் விரைவில் புளிக்கும். மிளகாய், மல்லி, சீரகத்தைத் தனியாக அரைத்துக் கொடுத்து, தேங்காயைக் கடையிலேயே திருவச் சொல்லலாம். நுரையோ புளித்த மணமோ வந்த கூட்டைக் கொட்டிவிடவேண்டும். கொதிக்கவைத்தாலும் அந்தச் சுவை போகாது.